நால்ரோட்டில் நிற்பவர் கண்ணுக்கு எட்டும் கடை போர்டு: அளவெடுப்பது முதல் மாட்டுவது வரை

கொங்குப் பக்கம் ஒரு நால்ரோடு. சிக்னலைத் தாண்டியதும் இடதுபக்கம் மூன்றாவது கடை, மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியிலும் டாட்டா ஏஸிலும் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருவார்கள். கடைக்கு முன்பக்கம் 20 அடி நீளம், 4 அடி உயரத்தில் போர்டு போட்டுக் கொடுத்தவன் நான்தான். கடைக்காரரின் மகள் பெயர் தங்க நிறத்தில் நிழலோடு, இரண்டு பக்கமும் பளபளக்கும் மோட்டார் படங்கள், மேலே பிள்ளையார். மூன்று மாதம் கழித்து அவர் போன் செய்தார்.

“போர்டு ஜம்முன்னு இருக்குது தம்பி. ஆனா தினமும் பத்துப் பேரு நால்ரோட்ல நின்னுக்கிட்டு, கடை எங்கீங்கன்னு கேட்டு போன் பண்றாங்க. போர்டு இருந்து என்னங்க பிரயோசனம்?”

நேரில் போய் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. அந்தப் போர்டைத் திருத்திய கதைதான் இந்த வழிகாட்டி. கம்ப்யூட்டரில் உட்கார்வதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

யார், எங்கிருந்து படிக்கிறார்கள்?

ஒரு டேப், ஒரு நோட்டு, கேமரா உள்ள போன் போதும். கடை வாசலில் நின்று போர்டைப் பார்க்காதீர்கள். வாசலுக்கு வந்துவிட்டவருக்குப் போர்டு தேவையில்லை. சந்திப்புக்கு வரும் ஒவ்வொரு சாலையிலும் போய் நின்று, கடை இருக்கும் திசையைப் பாருங்கள். அங்கிருந்து வருகிறவர் கடையைக் கண்டதும் வண்டியை ஓரம் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதவருக்காக இடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எங்கள் கடையில் கணக்கு இப்படி வந்தது. வடக்கிலிருந்து வருகிறவர் சாலையின் எதிர்ப்பக்கம், நடுவில் சென்டர் மீடியன். போர்டைப் படித்தாலும் திரும்ப முடியாது. கிழக்கு, மேற்குச் சாலைகளில் வருகிறவர்களுக்கு முனைக் கடைக் கட்டடம் மறைக்கிறது. மிச்சம் இரண்டு கூட்டம். ஒன்று, தெற்கிலிருந்து வந்து சிக்னல் கோட்டில் நிற்பவர்களும், பச்சை விழுந்ததும் நேராக வருபவர்களும். கோட்டிலிருந்து கடை 150 அடி. இன்னொன்று, கடைக்கு நேர் எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள். அவர்களுக்குத் தூரம் 60 அடிதான். மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருகிறவர் முதல் கூட்டத்தில்தான் இருக்கிறார். ஆகவே அந்த 150 அடியை வைத்துத்தான் இனி எல்லாக் கணக்கும்.

தூரத்தை அளக்க டேப் போதாது என்றால் கூகுள் மேப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்துகொள்ளலாம். நான் காலடியால் அளப்பேன். என் நடைக்கு இரண்டு எட்டு வைத்தால் ஐந்து அடி. போக்குவரத்துக்கு நடுவே டேப் பிடிக்கப் போகாதீர்கள்.

20 அடி போர்டு 4 அடியாகச் சுருங்கும் கதை

முதல் போர்டு தோற்றதற்குப் பெரிய காரணம் எழுத்தோ நிறமோ கிடையாது, கோணம்தான். கடை முகப்பில் சாலைக்கு இணையாக மாட்டிய போர்டை, அதே சாலையில் வருகிறவர் பக்கவாட்டில்தான் பார்க்கிறார். பாதி திறந்த கதவை ஓரமாக நின்று பார்ப்பது போல அது ஒடுங்கித் தெரியும்.

எவ்வளவு ஒடுங்கும் என்பதைச் சுலபமாகக் கணக்கிடலாம். பார்ப்பவருடைய வழித்தடத்திலிருந்து போர்டு எவ்வளவு விலகி இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கடையில் அது 30 அடி. அதை முன்னோக்கிய தூரமான 150 அடியால் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு. போர்டின் நீளத்தை இதனால் பெருக்கினால் கண்ணுக்குத் தெரியும் அகலம் கிடைத்துவிடும். 20 அடியில் ஐந்தில் ஒன்று, 4 அடி. உயரம் மட்டும் குறையாது. ஆக, அகன்று கிடக்க வேண்டிய தமிழ் எழுத்தெல்லாம் குச்சி குச்சியாக நெருக்கிக்கொண்டு நிற்கும். இன்னும் பின்னால், 300 அடியிலிருந்து பார்த்தால் மொத்தப் போர்டும் 2 அடி அகலம்தான்.

நம்பிக்கை வரவில்லையா? விசிட்டிங் கார்டு ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, விளிம்பு தெரியும் வரை மெல்லத் திருப்புங்கள். எந்த இடத்தில் பெயர் படிக்க முடியாமல் போகிறது என்று பாருங்கள்.

இதற்கு மருந்து, சுவரிலிருந்து சாலையை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் போர்டு. வருகிறவரின் முகத்துக்கு நேரே அது நிற்பதால் அளவு துளியும் சுருங்காது. மருந்துக் கடைகள் பச்சைச் சிலுவையைப் பக்கவாட்டில் நீட்டி வைப்பது இதற்காகத்தான். முன் போர்டைக் கழற்றத் தேவையில்லை. எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு அது சரியாகவே தெரிகிறது. நீட்டுப் போர்டு தூரத்தில் வருகிறவருக்கு, முன் போர்டு எதிரில் நிற்பவருக்கு. இரண்டிலும் ஒரே டிசைனைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் போடுவது பிரஸ்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

உங்கள் கடை டி வடிவச் சந்திப்பில், ஒரு சாலை வந்து முட்டும் இடத்திலேயே இருந்தால் கொடுத்து வைத்தவர். முட்டும் சாலையில் வருகிறவர் முகத்துக்கு முன் போர்டே நேராக இருக்கும். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நீட்டுப் போர்டு பொதுச் சாலைக்கு மேலே நீளக் கூடாது. எங்கள் கடைக்கு முன்னால் சாக்கடை வரை 6 அடி சொந்த இடம் இருந்தது, அதனால் 5 அடி நீட்ட முடிந்தது. உங்களுக்கு 3 அடிதான் இருக்கிறது என்றால் 3 அடி அகலத்தில் உயரமான போர்டாகப் போட்டு, வார்த்தையைக் குறையுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் போர்டின் அளவைச் சொல்லி அனுமதி கேட்டுவிடுவது நல்லது. சாலையில் தொங்குவது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் மேல் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி அவர் உயிரிழந்தார்.

எந்த உயரத்தில்?

கடைக்கு 30 அடி முன்னால் டவுன் பஸ் நிற்கும். பஸ்ஸின் உயரம் ஏறக்குறைய பத்தரை அடி. பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் நாலரை அடியில். அந்தக் கண்ணிலிருந்து பஸ் கூரையைத் தொட்டுக்கொண்டு ஒரு நூல் இழுத்தால், அது போர்டு இருக்கும் இடத்தில் எத்தனை அடி உயரத்துக்கு வரும்? பஸ் அவரிடமிருந்து 120 அடியில், போர்டு 150 அடியில். பஸ் கண்ணைவிட 6 அடி உயரம். 6ஐ 150ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் ஏழரை. அதோடு கண் உயரம் நாலரையைக் கூட்டினால் 12 அடி. போர்டின் அடிவிளிம்பு 12 அடிக்கு மேலே இருந்தால், பஸ் நின்றாலும் போர்டு முழுதாகத் தெரியும்.

பஸ் அவருக்கு 20 அடி முன்னாலேயே நின்றால் கணக்கு 50 அடிக்குப் போய்விடும். அதற்கு எந்தப் போர்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. பஸ் நகரும், விடுங்கள். நிரந்தரமாக மறைப்பதைத்தான் கவனிக்க வேண்டும்: பக்கத்து பேக்கரியின் தகர சாய்ப்பு, டிரான்ஸ்ஃபார்மர், வேப்பமரக் கிளை. மரத்தை ஆவணியில் ஒரு தடவையும் பங்குனியில் ஒரு தடவையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உயர்த்தும்போது மின்கம்பியை மறந்துவிடாதீர்கள். கம்பி பக்கத்தில் போகிறது என்றால் மின்வாரிய ஆளிடம் கேட்காமல் இரும்புச் சட்டத்தைத் தூக்கவே கூடாது.

கோட்டில் நின்றபடி, வண்டியில் உட்கார்ந்த உயரத்திலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூம் வேண்டாம். பின்னால் இது தேவைப்படும்.

மூன்று விநாடிக்கு எத்தனை வார்த்தை

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 27 அடி நகரும். 150 அடியைக் கடக்க ஐந்தரை விநாடி. கடைசி 60 அடி வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டத் தேவை. மீதம் 90 அடி, அதாவது மூன்று விநாடிக்குச் சற்று மேல். அதிலும் அவர் பாதி நேரம் முன்னால் போகிற வண்டியையும் குறுக்கே ஓடுகிறவரையும்தான் பார்க்கிறார். போர்டின் மேல் கண் தங்கும் நேரம் ஒரு விநாடி, இரண்டு விநாடி. சிவப்பு விளக்கில் நிற்பவருக்கு நேரம் தாராளமாக இருக்கிறது, ஆனால் பச்சையில் வந்துவிடுகிறவரை வைத்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டு வார்த்தை. அடம் பிடித்தால் மூன்று.

எந்த இரண்டு என்பதில்தான் கடைக்காரரோடு எனக்குச் சண்டை. அவருக்கு மகள் பெயர் பெரிதாக வேண்டும். மோட்டார் எரிந்துபோய் வருகிற விவசாயிக்கு மகள் பெயர் தெரியாது; அவர் தேடுவது மோட்டாரை. முதல் போர்டில் “ரீவைண்டிங் ஒர்க்ஸ்” என்று எழுதியிருந்தேன். ஒருநாள் கடையில் உட்கார்ந்து, வந்தவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரும் ரீவைண்டிங் என்று சொல்லவில்லை. “காயில் கட்டணும்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆக, நீட்டுப் போர்டில் மேல் வரி “மோட்டார்”, கீழ் வரி “காயில்”. மகள் பெயர் அதற்கடியில் சின்னதாக ஒரு பட்டையில். முன் போர்டில் மகள் பெயருக்குத்தான் முதலிடம் என்று பேசி முடித்தோம்.

போன் நம்பரை நீட்டுப் போர்டில் போடாதீர்கள். வண்டி ஓட்டுகிறவர் பத்து இலக்கத்தைப் படிக்கவும் மாட்டார், படித்தால் அது ஆபத்து. பிள்ளையார், “ஸ்ரீ” எல்லாம் முன் போர்டுக்கு. எதிரே நிற்பவர்கள் நிதானமாகப் படிப்பார்கள்.

முன் போர்டில் ஆங்கிலமும் வேண்டும் என்றால், தமிழ்நாட்டு அரசு விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, பிற மொழி 2 பங்கு என்ற விகிதம் இருக்க வேண்டும். நீட்டுப் போர்டில் தமிழ் மட்டுமே போதும், இடம் கிடையாது.

எழுத்தின் அளவு

இணையத்தில் தேடினால் 30 அடிக்கு ஒரு அங்குலம் என்று ஒரு கணக்கு அகப்படும். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக, நெடுஞ்சாலைப் பலகைகளை வைத்துச் சொன்னது. ஆங்கில E-யில் மூன்று கோடு, இரண்டு இடைவெளி. நம்முடைய ணகரத்தில் சுழியும் காலுமாக அதே இடத்தில் எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள். தமிழுக்கு 20 அடிக்கு ஒரு அங்குலம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 150 அடிக்கு ஏழரை. முழுசாக 8 அங்குலம்.

எதை 8 அங்குலம் என்கிறோம் என்பது முக்கியம். பகர எழுத்தின் உடல் உயரம்தான் அது. புள்ளி, மேல் விலங்கு, கீழே இறங்கும் உகரக் கால் எல்லாம் அதற்கு வெளியே. பிரஸ்ஸில் “எட்டு இஞ்ச் எழுத்து” என்றால் பெரும்பாலும் புள்ளியையும் சேர்த்து அளந்துவிடுவார்கள். அப்போது உடல் ஆறு அங்குலத்துக்கு இறங்கிவிடும். பகரத்தின் மேல் ஒரு கட்டம் வரைந்து, அதன் உயரத்தைத் திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் உதவியிருக்கிறது. நல்ல பார்வை உள்ளவரின் கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. தூரத்தை அடியில் எடுத்து 300ஆல் வகுத்தால் வரும் அங்குலத்தைவிடச் சிறிய இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. 150 அடியில் அது அரை அங்குலம். ஆனால் கண்ணாடி மறந்தவர், புழுதி, ஆடுகிற வண்டி எல்லாம் இருக்கின்றன. இரட்டிப்பாக ஒரு அங்குலம் என்று வையுங்கள். இப்போது உங்கள் டிசைனில் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். முதல் போர்டில் “ரீவைண்டிங்” வார்த்தையில் புள்ளி எழுத்தோடு கால் அங்குல இடைவெளியில் ஒட்டியிருந்தது. தூரத்தில் அது புள்ளியாகவே தெரியவில்லை, ஏதோ எழுத்து வீங்கிய மாதிரி இருந்தது.

8 அங்குலத்தில் “மோட்டார்” என்று அடித்தபோது வார்த்தையின் நீளம் 52 அங்குலம் வந்தது. இருபுறமும் நாலு நாலு அங்குலம் காலி விட்டால் 60, அதாவது 5 அடி. இரண்டு வரி, பெயர்ப் பட்டை, மேலும் கீழும் காலியிடம் சேர்ந்து உயரம் 4 அடி. போர்டின் அளவு எழுத்திலிருந்து வர வேண்டும். “எட்டுக்கு நாலு போர்டு ஒண்ணு” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்குள் எழுத்தை அடைப்பதுதான் ஊர் வழக்கம். அதனால்தான் எழுத்து எப்போதும் சின்னதாகிறது.

எழுத்துருவும் கனமும்

பிரஸ்காரர்கள் தூரத்தில் தெரிய வேண்டும் என்றாலே மிகத் தடித்த எழுத்தைப் போட்டு, அதற்கு வெள்ளை அவுட்லைன், அதற்கு வெளியே கறுப்பு நிழல் என்று அடுக்குவார்கள். திரையில் கம்பீரமாக இருக்கும். தூரத்தில் சுழிகள் அடைந்துபோய் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். கோட்டின் தடிமன் உடல் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு இருந்தால் போதும். 8 அங்குலத்துக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். இலவசமாகக் கிடைக்கும் யுனிகோட் எழுத்துருக்களில் `Mukta Malar`, `Hind Madurai`, `Catamaran`, `Noto Sans Tamil` ஆகியவற்றில் நடுத்தரத் தடிமனிலிருந்து தடித்தது வரை அடித்துப் பார்த்து, “காயில்” என்பதில் யகரத்தின் மடிப்பும் லகரத்தின் சுழியும் நன்றாகத் திறந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணப் பத்திரிகை பாணி வளைவுகள் வேண்டாம்.

எழுத்துகளுக்கு நடுவே இயல்பாக வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுங்கள். ஆனால் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துவிடாதீர்கள். “மோ” என்பதில் கொம்பு தள்ளிப்போனால் தூரத்தில் அது வேறெதோ எழுத்தாகிறது. வரிகளுக்கு நடுவே, மேல் வரியில் கீழிறங்கும் எழுத்தும் கீழ் வரியின் புள்ளியும் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டு வார்த்தையிலும் கீழே நீளமாக இறங்குவது எதுவும் இல்லை, அதிர்ஷ்டம்.

எழுத்தை நீளவாக்கில் இழுத்து இடத்துக்குப் பொருத்துவது மட்டும் கூடவே கூடாது. இழுத்தால் படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் வேறு வேறு தடிமனாகிவிடும்.

நிறம்

மஞ்சளில் கறுப்பு. டாக்ஸி நம்பர் பிளேட்டை ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தால் போதும். நிறத்தைவிட முக்கியம், வெளிச்ச வித்தியாசம். சிவப்பில் மஞ்சள் எழுத்து நம்மூரில் எல்லோருக்கும் பிடிக்கும்; சுமாராகத் தெரியும். நீலத்தில் சிவப்பு எழுத்து தெரியவே தெரியாது. டிசைனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பலாகிவிட்டால் நிறத்தை மாற்றுங்கள்.

பக்கத்துக் கடைகளையும் பாருங்கள். நான் எடுத்த போட்டோவில் வரிசையாகச் சிவப்பும் நீலமும்தான் இருந்தன, மஞ்சள் ஒன்றும் இல்லை. பேக்கரி மஞ்சளாக இருந்திருந்தால் அடர்நீலத்தில் வெள்ளை எழுத்துக்குப் போயிருப்பேன். அடர்நிறத்தில் வெள்ளை எழுத்து போட்டால் கோட்டை ஒரு பிடி மெலிதாக்குங்கள்; வெளிச்சமான எழுத்து கண்ணுக்குச் சற்று பரந்து தெரியும்.

இன்னொன்று, வெயில். ஃபிளெக்ஸ் மையில் மஞ்சளும் சிவப்புமே முதலில் வெளுக்கும். பழைய போர்டுகள் எல்லாம் நீலம்பாரித்துப் போவதற்கு அதுதான் காரணம். எங்கள் நீட்டுப் போர்டு தெற்கைப் பார்ப்பதால் வருடத்தில் பெரும்பகுதி வெயில் நேராக விழும். பின்னணி மஞ்சள் சற்று வெளுத்தாலும் கறுப்பு எழுத்து நிற்கும். சிவப்பு எழுத்தாக இருந்தால் முதலில் எழுத்தே போய்விடும். சிக்னல் பக்கத்தில் ஓடுகிற, மின்னுகிற சிவப்பு பச்சை விளக்குகள் எதுவும் வேண்டாம். சிக்னலோடு குழம்பும்.

அச்சுக்கு முன் சோதனை

காசு செலவில்லாத சோதனை இது, இதைத் தவறவிட்டவர்கள்தான் இரண்டாவது தடவை அச்சடிக்கிறார்கள். டிசைனைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். 5 அடிக்கு 4 அடி போர்டு, 6 அங்குலத்துக்கு நாலே முக்கால் அங்குலமாக வரும். அதைச் சுவரில் ஒட்டி 15 அடி தள்ளி நில்லுங்கள். 150 அடியில் தெரிவது அப்படியே தெரியும்.

போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒருவரை அழைத்து வந்து, இரண்டு விநாடி காட்டிவிட்டு மறையுங்கள். நீங்கள் படித்தால் பலனில்லை, உங்களுக்கு மனப்பாடம். நான் பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் காட்டினேன், அவர் கண்ணாடியும் போடவில்லை. “மோட்டார்” என்று சட்டென்று சொன்னார். அடுத்து, “காயில்னு போட்டிருக்கீங்க, இல்ல காயம்னா?” என்றார். அப்போது கீழ் வரி மேல் வரியைவிடச் சின்னதாக, 6 அங்குலத்தில் இருந்தது. அதையும் எட்டாக்கினேன், இடத்துக்காக பெயர்ப் பட்டையைக் குறைத்தேன். மகள் பெயரில் இரண்டு அங்குலம் போனதைக் கடைக்காரர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அப்புறம், சிக்னல் கோட்டிலிருந்து எடுத்த போட்டோவில் டிசைனைச் சரியான அளவில் ஒட்டிப் பாருங்கள். கடை ஷட்டரின் உயரம் தெரியும் என்பதால் அதை வைத்து அளவைப் பிடிக்கலாம். சுற்றியிருக்கும் போர்டுகளுக்கு நடுவே கண் எங்கே போகிறது என்பது இதில்தான் தெரியும்.

பிரஸ்ஸுக்கு ஃபைல்

கோரல் டிராவில் வேலை முடிந்ததும் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து `Ctrl+Q` அழுத்தி வளைவுகளாக மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அனுப்பினால் பிரஸ் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும். பல பிரஸ்களில் பழைய பதிப்புதான் ஓடுகிறது. அதில் யுனிகோட் தமிழைத் திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், வெற்று வட்டங்கள் முளைக்கும். மாற்றும் முன் எடிட் செய்யக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறம் சிஎம்ஒய்கே, உண்மையான அளவில் 72 டிபிஐ போதும். 150 அடியில் நிற்பவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. சட்டத்தில் மடித்து ஆணியடிக்க நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள், அதை மறந்தால் ஓர எழுத்து மடிப்பில் போகும்.

பொருளும் பொருத்துவதும்

நீட்டுப் போர்டு இரண்டு பக்கமும் தெரியும். சாதாரண ஃபிளெக்ஸை இருபுறமும் கட்டினால், ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போது மறுபக்கத்து எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி ஊடுருவித் தெரியும். பின்பக்கம் கறுப்பாக வரும் ஃபிளெக்ஸ் கேளுங்கள், அல்லது நடுவில் ஒரு தகரத்தை வையுங்கள். பளபளப்பானதை விட்டு மங்கலான மேற்பரப்புள்ளதை எடுங்கள். பளபளப்பில் சாய்வெயில் பட்டால் பாதிப் போர்டு வெள்ளையாகத் தெரியும்.

சட்டத்துக்கு ஸ்கொயர் பைப். 5 அடிக்கு 4 அடி என்றால் 20 சதுர அடி. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் ஏறக்குறைய 100 கிலோ சுமை வரும், அதுவும் சுவரிலிருந்து 5 அடி நீண்ட நெம்புகோலின் மேல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி வீசும் என்று கொங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் சுவரோடு வரும். கான்கிரீட் தூணில் ஆங்கர் போல்ட் போட்டு, மேலேயும் கீழேயும் இரண்டு கை கொடுத்து, வெளி முனையிலிருந்து கட்டடத்துக்கு ஒரு சாய்வு கம்பியும் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். வெல்டிங்காரர் “தேவையில்லீங்க” என்பார். விடாதீர்கள்.

இரவுக்கு, மேலிருந்து இரண்டு சிறிய எல்இடி ஃபோகஸ் போதும், கை இரண்டு அடியாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். சட்டத்தோடு ஒட்டி வைத்தால் மேல் வரி வெளுத்தும் கீழ் வரி இருட்டியும் தெரியும். விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறதா என்று இருட்டியதும் சிக்னல் கோட்டில் போய் நின்று பாருங்கள்.

மாட்டிய அன்று மாலை நானும் அதே கோட்டில்தான் போய் நின்றேன். “மோட்டார்” பளிச்சென்று தெரிந்தது. “காயில்” என்பதில் லகரத்தின் புள்ளிக்கு மேலே ஒரு கேபிள் டிவி வயர் சரியாகக் குறுக்கே போனது, அதனால் புள்ளி வயரோடு கலந்து காணாமல் போனது. இவ்வளவு கணக்குப் போட்டவன், போட்டோவில் அந்த வயர் இருந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் சட்டத்தை ஒன்பது அங்குலம் மேலே ஏற்றினோம்.